ரோசா எசென்ஸ் ஊற்றிய கெவுர்ஸ்ட்ராமினர்

பதினான்கு வருஷம் உல்லாசக் கப்பலில் ஒயின் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிய அமலனுக்கு மூக்குதான் சொத்து, மூக்குதான் சனியன். துறைமுகத்துச் சாலை ஓட்டலில் பார் மேற்பார்வை. முதலாளி பாண்டித்துரை இறால் ஏற்றுமதிக்காரர். மாடியில் புதிதாக ஒரு உணவகம் கட்டி முடித்திருந்தார். ஜெர்மன்காரர்கள் ரெண்டு பேர் இறால் வாங்குவது பற்றிப் பேச வருகிறார்கள், அந்த விருந்து நல்லபடியாக நடந்தால் மாடி உன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார். அப்படி ஒரு பொறுப்புக்காக நாலு வருஷமாகக் காத்துக்கிடந்தான் அமலன்.

விருந்துக்கு அவன் தேர்ந்தெடுத்தது பிரான்சின் அல்சாஸ் பக்கத்துக் கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயின். அதே பேருள்ள திராட்சையில் செய்வது, அதன் தோல் லேசாகச் சிவந்திருக்கும். அதில் யாரும் எதையும் கலப்பதில்லை. தோலிலிருந்தே லிச்சிப்பழ மணமும் ரோசாப்பூ மணமும் ஒயினுக்குள் வந்துவிடும்.

சமையல்காரி ஜெபசெல்வி நாசரேத் ஊர்க்காரி. சாராய வாடை பட்டாலே சேலை முந்தியால் மூக்கைப் பொத்துவாள்.

"நான் அந்தக் கழுதைய தொடமாட்டேன் அண்ணன். வாசம் என்னன்னு மட்டும் சொல்லுங்க."

"லிச்சி தெரியும்லா? நொங்கு மாதிரி சதை, உள்ள பூ வாசம். அதோட ரோசா. புளிப்பு கம்மி, லேசா இனிப்பு, ஆனா சாராய வீரியம் கூட. மொளகாய அள்ளிப் போட்டா தொண்டை எரியும்."

"அப்ப ஏலம், பட்டை, கிராம்பு, இஞ்சி. தேங்காப்பால்ல எறால். நெய்ச்சோறு. பன்னீர் தெளிக்கணுமா?"

"தெளிச்சிராத! ரோசா மேல ரோசா விழுந்தா சோப்புத் தண்ணியா ஆயிரும்."

அவள் சிரித்தாள். சமைத்தது அமலன் நினைத்ததைவிட நன்றாக வந்தது. ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் கலந்த ஆவி அடுக்களையை நிறைத்தது.

அமலன் சந்தோஷமாகக் குளிர்பெட்டியைத் திறந்தான். ஒயின் பாட்டில்களைக் காணோம். அவை பின்கட்டில், இறாலுக்கு வந்த ஐஸ் தூளில் கழுத்துவரை புதைந்து கிடந்தன. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றின் திருகு மூடிச் சீலும் உடைந்திருந்தது. சீல் உடைந்த ஒன்றைத் திறந்து முகர்ந்தான். குமட்டிக்கொண்டு வந்தது. மலிவு ஊதுபத்திக் கடைக்குள் தலையை விட்ட மாதிரி.

பாண்டித்துரை பின்னாலேயே வந்தார். "என்னலே முழிக்க? காலையிலயே ஐஸ்ல போட்டு, மத்தியானம் ருசி பாத்தேன். வாசமே இல்ல, கசப்புதான் இருக்கு. ஒன்ன நல்லா ஏமாத்திட்டான் அந்தக் கடைக்காரன். நான்தான் ரோசா எசென்ஸ் வாங்கியாரச் சொல்லி ரெண்டு ரெண்டு மூடி விட்டேன். மானம் தப்பிச்சுது, போ."

"மொதலாளி, ஐஸ்ல கெடந்தா எந்த வாசம் எந்திரிக்கும்? இது எறால் இல்ல."

"ஐஸ் வைக்காத பொருள் எது உருப்பட்டுது?"

தப்பிப் பிழைத்த பாட்டிலை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் அடுக்களை மேசையில் வைத்தான் அமலன். குளிர் தணிந்ததும் கண்ணாடியில் ஊற்றிச் சுழற்றினான். லிச்சி, பிறகு ரோசா, அடியில் லேசாக இஞ்சி. முதலாளியின் மூக்குக்குக் கீழே நீட்டினான். அவர் இதையும் எசென்ஸ் ஊற்றியதையும் மாற்றி மாற்றி முகர்ந்தார்.

"ஏன்டே, இதவிட நான் போட்டதுல்லா தூக்குது! அதையே ஊத்து. ஒத்தப் பாட்டில் ரெண்டு பேருக்குக் காணாது, ஆளுக்கொரு வாசமா வைக்கவா?"

 மனுசன் பொய் சொன்னால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே அவருக்கு அதுதான் பிடித்திருந்தது. அதுதான் அமலனுக்குத் தாங்க முடியவில்லை. மாடி உணவகத்தின் மெருகு மாறாத மேசைகளை ஒருதரம் நினைத்துக்கொண்டு, எசென்ஸ் கலந்த ஒயின் பாட்டிலோடு உள்ளே போனான்.

ஜெர்மன்காரர்கள் இறாலைத் தின்று தலையாட்டினார்கள். இருவரில் பெரியவர் ஒயினை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. விழுங்க முடியாமல் விழுங்கிவிட்டு, இது என்ன ஒயின் என்று அமலனிடம் கேட்டார்.

"எங்க அமலன் செலக்சன் சார்!" என்றார் பாண்டித்துரை, பல் அத்தனையும் தெரிய.

அந்தப் பல்லைப் பார்த்ததும் அமலனுக்கு மிச்சமிருந்த ஆசையும் வற்றிவிட்டது. "ஒயின் நல்லது சார். இதுல ரோசா எசென்ஸ் ஊத்தியிருக்கு. குடிக்காதீங்க," என்று கப்பல் இங்கிலீசில் சொன்னான்.

பெரியவர் சிரித்து, கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு பீர் கேட்டார். நல்ல பாட்டில் ஒன்று இருக்கிறது என்று அமலன் சொன்னான். அந்த வாசமே இனி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். இறால் வியாபாரம் பீரோடு முடிந்தது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

நடைவழியில் பாண்டித்துரை அவன் சட்டையைப் பிடித்தார். "மாடிய மறந்துரு. விருந்தாளி முன்ன மொதலாளிய நாறடிச்சவனுக்கு எடம் கெடையாது."

"நாறுனது நான் இல்ல மொதலாளி. மிச்சத்தக் கொட்டிரவா?"

"கொட்டவா? நாளைக்கு நிச்சயதார்த்தப் பார்ட்டி இருக்குலே. நல்லா ஐஸ் போட்டு வையி, ஓடிரும்."

 அமலன் பின்கட்டுக்குப் போய் எசென்ஸ் கலந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கவிழ்த்தான். "வேல போயிரும் அண்ணன்," என்றாள் ஜெபசெல்வி, முந்தியால் மூக்கை இறுக்கிக்கொண்டு.

"போகட்டும். கைய கழுவ சோப்பு தா."

சோப்பை எடுத்துக் கொடுத்தாள். முகர்ந்து பார்த்தான். அதுவும் ரோசா. தூ என்று துப்பிவிட்டு, அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தான்.