யமுனாவின் அடிவயிறு

சித்தூர் - திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள் யமுனா. நாற்பத்து மூன்று வயது. நாலு வருஷம் முன்பு வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு நார்க்கட்டி தெரிந்தது. "தொந்தரவு இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். உதிரப்போக்கு அதிகமானால், வலித்தால், அடிக்கடி மூத்திரம் வந்தால் உடனே வாருங்கள்" என்றார் டாக்டர். அதில் முதல் வாக்கியத்தை மட்டும் யமுனா பிடித்துக்கொண்டாள்.

தொந்தரவு மெல்ல வந்தது. மாதவிலக்கு பத்து நாள் நீண்டது, ரத்தம் கட்டி கட்டியாகப் போனது. காக்கிச் சேலைக்குள் துணியை இரண்டு மடிப்பாக வைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தாள். அடிவயிற்றில் கல்லை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. பாகாலா தாண்டுவதற்குள் மூத்திரம் முட்டும், இறங்க இடமிருக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். வயிறு உப்பியதைப் பார்த்து ஒரு பாட்டி, "எத்தினி மாசம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். யமுனா உட்காரவில்லை.

மாம்பழக் கூழ் ஆலையில் வேலை செய்யும் கணவன் நாகேந்திரன் ஒருநாள் கேட்டான்.

"மூஞ்செல்லாம் வெளுத்துப் போய்க்கினு கீதே, ஆஸ்பத்திரிக்குப் போவலாமா?"

"போனா அறுத்துடுவாங்க. இந்த வயசுல எல்லாம் தானா நின்னுடும், சும்மா இரு."

சந்திரகிரி அருகே ஒரு மத்தியானம், சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். சீட்டுக்கடியில் ரத்தம். டிரைவர் சுரேஷ்பாபு எங்கும் நிறுத்தாமல் திருப்பதி அரசு மருத்துவமனை வாசலுக்கே பஸ்ஸைக் கொண்டுபோனார்.

பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்துதான் இருந்தது. கட்டி தொப்புள் வரை வளர்ந்திருந்தது. ரத்தம் ஏற்றினார்கள், போக்கை நிறுத்த ஊசி போட்டார்கள். கர்ப்பப்பைச் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்; புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் பிரேமலதா, நாகேந்திரனைக் கட்டிலருகே கூப்பிட்டார். வேலூரில் படித்தவர், தமிழ் தெரியும்.

"கட்டி சிறுநீர்க் குழாய அழுத்துது. சிறுநீர் எறங்க வழியில்லாம இடது சிறுநீரகம் வீங்கிக் கெடக்கு. இதுக்கு மேல காத்திருக்க முடியாது."

"மாத்திரைல கரையாதாம்மா?"

"மாத்திரை, ஊசி போட்டா போக்கு குறையும், கொஞ்சம் சுருங்கும். ஆனா இந்த அளவு கட்டி, சிறுநீர்க் குழாய அமுக்கிக்கினு இருக்கு. கர்ப்பப்பையோட எடுத்துதான் ஆவணும். இன்னும் குழந்தை வேணும்னா கட்டிய மட்டும் எடுக்கப் பார்க்கலாம்."

கட்டிலிலிருந்து யமுனா சொன்னாள்: "ரெண்டு பிள்ளைங்க கீதுங்க. எடுத்துடுங்கம்மா."

ரத்த அளவு தேறியதும் கர்ப்பப்பையை எடுத்தார்கள். போக்கு நின்றது, அடிவயிற்றுப் பாரமும் போனது.

மூன்று மாதம் கழித்துச் செய்த சோதனையில், இடது சிறுநீரகம் பெரும்பாலும் செயலிழந்துவிட்டது என்று தெரிந்தது. வலது நன்றாக இருந்தது. அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

"முன்னமே வந்திருந்தா தப்பிச்சிருக்குமா?" என்றான் நாகேந்திரன்.

"தப்பிச்சிருக்கும்னுதான் நெனைக்கறேன்."

யமுனா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "போவலாம் வா" என்றாள். பஸ் ஏறுமுன் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, நின்றபடியே பாதியைக் குடித்தாள்.