திரும்பி வந்த நீலம்
இரசாயனச் செய்முறைப் பரீட்சையில் பித்தளைத் துருவலிலுள்ள செம்பின் அளவை நான் காண வேண்டியிருந்தது. கரைசலில் செம்பு விடுவித்த அயடீனை அழிக்கும் தயோசல்பேற்றை அளவிக் குழாயிலிருந்து துளித்துளியாக விட்டேன்; அது எவ்வளவு செலவாகிறதோ அதற்கேற்ற அளவு செம்பு. அயடீனோடு சேர்ந்து மாப்பொருள் தந்த நீலம் மறைந்தது. குழாயின் வாசிப்பை எழுதுமுன் அது திரும்பி வந்தது.

"உந்த வாசிப்பையே எழுதிப்போட்டுக் கழுவடி. ஒருத்தரும் பாக்கேல்லை," என்றாள் பக்கத்து மேசைத் தோழி.

காரணம் எனக்குத் தெரியும். துருவலை நைத்திரிக்கமிலத்தில் கரைத்தபோது, கபிலப் புகை முழுதும் போகுமுன் அவசரப்பட்டு அடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன். எஞ்சிய வாயுவும் அயடீனை விடுவித்துக்கொண்டிருந்தது; அந்த வாசிப்பு செம்பைக் கூட்டிக் காட்டும்.

துருவல் இன்னும் ஒரு பங்குதான் இருந்தது. மீதி நேரம் ஒரு மணித்தியாலம். முதற் கரைசலை ஊற்றிவிட்டு அந்தப் பங்கை எடுத்தேன்.

"உனக்கு விசரே?" என்றாள் தோழி.

"ஓம்," என்று அடுப்பை மூட்டினேன். புகை போன பின்னும் கொதிக்கவிட்டேன்.

மணியடிக்க நான்கு நிமிடம் இருக்கையில் நீலம் மறைந்தது. குடுவையில் வெளிறிய வீழ்படிவு மட்டும். காத்திருந்தேன். நீலம் வரவில்லை. முந்தியதிலும் குறைந்த வாசிப்பை எழுதினேன்.