பலகை யார் கொண்டுவருவது?

எங்கள் கடைத்தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் உதட்டைத்தான் பிதுக்குவார்கள். அகராதி என்று கேளுங்கள், கையைப் பிடித்து அழைத்து வந்து என் கடை வாசலில் விடுவார்கள். சொல்லுக்குச் சொல் அர்த்தம் வைத்திருக்கிறாள் என்பதற்காகவும் அந்தப் பெயர்; வாயைக் கொடுத்தால் மீள முடியாது என்பதற்காகவும் அந்தப் பெயர்.

நான் பிளான் பிரிண்ட் போடுகிற கடை வைத்திருக்கிறேன். பின்பக்கம் காகிதச் சுருள்கள் அடுக்கிய மூலையில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர். முன்பு ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். லாரி ஓட்டப் போன புருஷன் மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்தால் பெரிய விஷயம். பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "ஒரு மூலை மட்டும் கொடுக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றாள். பார்த்துக்கொள்ளவும் செய்தாள்.

வேலை இதுதான். பெரிய கம்பெனிகள் டெண்டர் எடுத்து, மண் வேலை, பைப் வேலை, பூச்சு வேலை என்று பிரித்துச் சின்ன ஒப்பந்தக்காரர்களிடம் கொடுப்பார்கள். என்ன வேலை, எவ்வளவு அளவு, எப்படிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஐட்டம் ஐட்டமாக இங்கிலீஷில் வரும். படித்தால் மூச்சு முட்டும். ஒரு ஐட்டம் ஒரே வாக்கியமாக ஏழு வரிக்கு ஓடும், முற்றுப்புள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைத்தான் இவள் தமிழில் எழுதிக் கொடுப்பாள். அவர்கள் அதைப் படித்துப் பார்த்துத்தான் ரேட் போடுவார்கள்.

அவள் தமிழும் வேலைத்தளத்துத் தமிழ்தான். கான்க்ரீட்டைக் கான்க்ரீட் என்றே எழுதுவாள். யாரோ ஒரு பெரிய மனுஷர் வந்து, "தூய தமிழில் எழுதலாமே அம்மா" என்றார். "எழுதறேன் சார், கலவை போடறவருக்கு நீங்க பக்கத்துல நின்னு அர்த்தம் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். மனுஷர் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. 'லீட் அண்ட் லிஃப்ட்' என்று வரும் இடத்தில், மண்ணைச் சுமந்துபோகும் தூரம், தூக்கிப்போடும் உயரம் என்று எழுதுவாள். அதற்கு முன்னால் ஒருத்தர், பள்ளம் தோண்டுகிற வேலையில் லிஃப்ட் எங்கே மாட்டுவது என்று என்னிடமே வந்து விசாரித்திருக்கிறார்!

இந்த ஐட்டங்கள் வேலைக்கு வேலை திரும்பத் திரும்ப வரும். அதனால் ஒரு தடவை எழுதியதை அவள் பத்திரப்படுத்தி வைத்திருப்பாள். புதுசாக ஒன்று வந்தால் முதல் வரியைப் பார்ப்பாள், பழைய தமிழை எடுத்து ஒட்டுவாள், அளவை மட்டும் மாற்றுவாள். இந்தத் தொழிலில் எல்லாரும் இப்படித்தான். இல்லாவிட்டால் நாலு நாளில் டெண்டர் கொடுக்க முடியுமா?

அன்று மதியம் சோடாபுட்டி வந்தார். தடிமனான கண்ணாடி போட்டிருப்பார், பைப் போடுகிற ஒப்பந்தக்காரர். சாக்கடைக் குழாய் பதிக்கிற வேலையில் அடுத்த பகுதிக்கு ரேட் கேட்டிருக்கிறார்கள் என்று காகிதக் கட்டை மேசையில் வைத்தார். முந்தின பகுதியைத் தாடி மேஸ்திரி எடுத்து, தோண்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் இவள் எழுதிக் கொடுத்ததுதான். அதே கம்பெனி, அதே ஐட்டம். இவள் மளமளவென்று ஒட்டிக்கொண்டே போனாள்.

சோடாபுட்டி திரையை எட்டிப் பார்த்தார். "பலகை யாருதும்மா?"

"எந்தப் பலகை?"

"ரெண்டு ஆள் ஆழம் தோண்டணும். ரெண்டு பக்கமும் பலகை அடைச்சு முட்டுக் கொடுக்காம எவன் இறங்குவான்? ஷோரிங் யார் கணக்கு?"

"அது தனி ஐட்டமா வரும்ணே. எப்பவும் அப்படித்தான்."

தேடினாள். வரவில்லை. காகிதக் கட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். அப்புறம் மண் தோண்டுகிற ஐட்டத்தின் இங்கிலீஷை விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டு போனாள். ஏழாவது வரியில் விரல் நின்றது. அவள் முகம் வெளிறியதை நான் கவுண்டரிலிருந்தே பார்த்தேன்.

"அக்கா, வாசல்ல வண்டி இருக்கா?"

"என்னடி ஆச்சு?"

"முன்னாடி வந்த வேற ஒரு வேலையில பலகைக்குத் தனி ஐட்டம். இதுல அது தோண்டுற ரேட்டுக்குள்ளயே சேர்ந்திருக்கு. முதல் வரி ஒண்ணா இருந்துச்சேன்னு பழசை ஒட்டிட்டேன். தாடி அண்ணனுக்கும் அதையேதான் கொடுத்திருக்கேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தாடி மேஸ்திரி தமிழைப் படித்துவிட்டு, பலகை நம் வேலை இல்லை, கம்பெனி கொண்டுவரும் என்று இருப்பார். கம்பெனிக்காரன் இங்கிலீஷைப் பார்த்துவிட்டு, மேஸ்திரிதான் பலகை அடிக்க வேண்டும் என்று இருப்பான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் ஆட்கள் பள்ளத்துக்குள் இருப்பார்கள்.

மேஸ்திரிக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கம்பெனி என்ஜினியருக்குப் போட்டாள். "அதெல்லாம் அவங்க வேலை மேடம், ஐட்டத்துலயே இருக்கே. நான் மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டான். உன் மீட்டிங்கில் இடி விழ என்று சத்தமாகவே சொன்னேன். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சோடாபுட்டியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வழியெல்லாம் அவளுக்குப் புத்தி சொன்னேன். "இங்க பாரு, ஆபத்து, ஆளை ஏத்துங்கன்னு மட்டும் சொல்லு. உன் தப்புன்னு வாயைத் திறக்காதே. அப்புறம் ஒருத்தன் உன்கிட்ட காகிதத்தை நீட்ட மாட்டான். புள்ளைக்கு ஃபீஸ் யார் கட்டுறது?" என் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகிக்கொண்டே வந்தது.

தெருவை நடுவில் பிளந்து போட்டிருந்தார்கள். தோண்டிய மண் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். செங்குத்தான மண் சுவர், ஒரு பலகை கிடையாது. அடியில் ஊற்றுத் தண்ணீரில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. என் சுண்டுவிரல் போகும்.

தாடி மேஸ்திரி சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன அகராதி, சைட்டுக்கே வந்துட்ட?"

"அண்ணே, ஆளுங்களை மேல ஏத்துங்க."

"ஏன்?"

"பலகை இல்லாம நிக்கறாங்க. மழை வேற வரப் போகுது."

"கம்பெனிப் பலகை நாளைக்கு வருதாம். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியுமா? கெட்டி மண்ணும்மா இது. மண்ணைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

தினமும் நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. விளிம்பிலிருந்து ஒரு மண்கட்டி உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. கீழே ஒருத்தன் நகர்ந்து நின்று, மறுபடி குனிந்தான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம்டி என்று கண்ணாலேயே சொன்னேன்.

"நாளைக்கு வராதுண்ணே," என்றாள். "என்னைக்குமே வராது. பலகை அடிக்கறது உங்க ரேட்டுக்குள்ள இருக்கு. இங்கிலீஷ்ல இருந்துச்சு, நான் எழுதலை. வேற வேலைக்கு எழுதினதை எடுத்து ஒட்டிட்டேன், கடைசி வரைக்கும் படிக்கலை. தப்பு என்னுது. கம்பெனி யாரையும் அனுப்பப் போறதில்லை. இப்பதான் கேட்டேன்."

மண் அள்ளுகிற மெஷின்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டார். மேஸ்திரி அவளையே பார்த்தார். அப்புறம் பள்ளத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் பார்த்த பள்ளம்தான், ஆனால் அந்த மனுஷர் முகம் போன போக்கு இருக்கிறதே! "ஏறுங்கடா!" என்று கத்தினார். "எல்லாத்தையும் போட்டுட்டு மேல ஏறுங்கடா!"

மூன்று பேர் ஏணியில் ஏறி வந்தார்கள். நாலாவது ஆள் மேஸ்திரியின் கூடப்பிறந்த தம்பி. மெஷின் சங்கிலியில் பைப் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. "இதை மட்டும் இறக்கி வச்சுட்டு வந்துடறேண்ணே" என்றான்.

"பைப் கிடக்கட்டும், வாடா!"

"அஞ்சு நிமிஷம்தான்."

"அப்பன் ஆணை, இப்ப ஏறலைன்னா நான் இறங்குவேன்!" என்று மேஸ்திரி ஏணியில் காலை வைத்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் அவன் பைப்பை விட்டான். ஒவ்வொரு படிக்கும் ஏணி மண்ணில் அழுந்தியது, மண் பொலபொலவென்று கொட்டியது. அவன் தலை மேலே தெரிந்தது. மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்து அவனை ரோட்டில் போட்டார்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உன் எழுத்தை நம்பித்தானே ரேட் போட்டேன்? இவ்வளவு பலகைக்கும் சாரத்துக்கும் நான் எங்க போவேன்? என் வீட்டுல விளக்கணைச்சுட்டியே!" வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. ரெண்டு கேட்கலாம் என்று முன்னால் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "திட்டட்டும்க்கா. உசிரோட இருக்கறதாலதான திட்டறாங்க."

மேஸ்திரி திட்டி ஓய்ந்து, பலகை, முட்டு என்று சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிற ஆளுக்கு போன் போட்டபடி நகர்ந்தார். தூறல் விழ ஆரம்பித்தது. தம்பி எழுந்து, இடுப்பு வரை சேற்றோடு அவள் முன்னால் வந்து நின்றான்.

"எப்பக்கா தெரிஞ்சுது?"

"மத்தியானம்தான்."

"வேலை ஆரம்பிச்ச நாள்ல இருந்து நான்தான் அடியில நிக்கறேன்."

அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அவன் ஓரமாகக் கிடந்த பைப் மேல் உட்கார்ந்தான். காலில் அப்பியிருந்த சேற்றை இரண்டு கையாலும் வழித்துப் பார்த்தான், போகவில்லை. வெட்கப்பட்டவன் போல எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்கப்பா" என்றாள்.

"அதை விடுங்கக்கா. ஒண்ணே ஒண்ணு. உங்க தெருவுக்குத்தான் என் வீட்டுக்காரி தையல் படிக்க வர்றா. அவகிட்ட இதை மட்டும் சொல்லிடாதீங்க. பலகை வந்ததும் நான் மறுபடி இறங்கணும்ல?"