சுவரின் நடுவிலிருந்து அளந்த வீடு

அந்த வேலை எங்கள் ஆபீசுக்கு வந்ததே என் அப்பாவால்தான். மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முனிர்காவில் வாடகை வீட்டில் இருந்தோம். அவரைப் போல ஓய்வு பெற்ற தொண்ணூற்றாறு குடும்பங்கள் சேர்ந்து துவாரகாவில் அடுக்குமாடி கட்ட ஒரு சொசைட்டி வைத்திருந்தார்கள். கமிட்டியில் அப்பாவும் ஒருவர். ஆர்க்கிடெக்ட் யார் என்று பேச்சு வந்தபோது அப்பா எங்கள் ஆபீஸைச் சொன்னார். "எம் பொண்ணு அங்கதான் இருக்கா. கண்ணுக்கு முன்னால வேலை நடக்கும்" என்றாராம்.

ஆபீஸ் லாஜ்பத் நகரில், ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தது. எங்கள் முதலாளி பஞ்சாபிக்காரர். அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் படம் வரைந்து கொடுக்கும் வேலைக்காக அப்போதுதான் புது சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார். கோடு கோடாக வரைவதில்லை. சுவர், கதவு, ஜன்னல் என்று கட்டடத்தையே கம்ப்யூட்டருக்குள் எழுப்புவது. அதை மாடல் என்போம். ஆபீஸில் அதை முழுதாகப் படித்துக்கொண்டது நான் ஒருத்திதான். சொசைட்டி வேலையையும் அதிலேயே செய்யச் சொன்னார்.

எனக்குப் பிடித்தது ஷெட்யூல்கள், அதாவது அதில் வரும் பட்டியல்கள்தான். அதற்கு முன்பு கதவுகளின் பட்டியல் போட வேண்டுமானால் மாடிக்கு மாடி படத்தை விரித்து, பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே எண்ணுவோம். இரண்டு பேர் எண்ணினால் இரண்டு எண் வரும். மாடலில் ஒரு கதவைச் சுவரில் வைத்த உடனே அது பட்டியலில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்துவிடும்: எண், வகை, அகலம், உயரம், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குத் திறக்கிறது என்பது வரை. அறையும் அப்படித்தான். சுற்றிலும் சுவர் மூடிய இடத்தில் 'அறை' என்று குறித்துப் பெயர் கொடுத்தால் பரப்பளவு தானாக வரும். வீடு வாரியாகக் கூட்டுத்தொகையும் வரும். ஒரு மூலையில் சுவர் சேராமல் இடைவெளி விட்டிருந்தால் 'மூடப்படவில்லை' என்று சொல்லிப் பரப்பளவு தர மறுத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை அப்பா ஆபீசுக்கு வந்தார். பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துத் திரையில் ஒரு சுவரை இழுத்துக் காட்டினேன். ஷெட்யூலில் படுக்கையறையின் எண் மாறியது, அடியில் இருந்த கூட்டுத்தொகையும் மாறியது.

"ஏட்டி, இதுல கூட்டல் தப்பே வராதா?"

"வராதுப்பா."

"ஆடிட்காரனுக்குப் பதில் சொல்லியே எனக்கு வயசு போச்சு. இது அப்பம் இருந்திருக்கணும்."

பிறகு அம்மா விஷயத்தைச் சொன்னார். அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு வருடமாகியிருந்தது. இடப்பக்கம் விளங்கவில்லை, சக்கர நாற்காலிதான். வாடகை வீட்டில் பாத்ரூமுக்குள் நாற்காலி போகாது. அப்பா அவளை வாசலில் தூக்கி நிறுத்தி, இடுப்பில் கைகொடுத்து உள்ளே கொண்டுபோவார். "எல்லாரும் வயசாளிங்க. பாத்ரூம் கதவு எல்லா வீட்டுலயும் அகலமா வையுங்கன்னு கமிட்டியில தீர்மானம் போட்டுருக்கோம். தொள்ளாயிரம் மில்லிமீட்டர்."

பாத்ரூம் கதவுக்கு எங்கள் பட்டியலில் டி-மூன்று என்று பெயர். டி-மூன்றின் வரியில் அகலத்தைத் தொள்ளாயிரம் என்று மாற்றினேன். இந்த வகைக் கதவு எல்லாவற்றையும் இது மாற்றும் என்று எச்சரிக்கை வந்தது. சரி கொடுத்தேன். வீட்டுக்கு இரண்டு பாத்ரூம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கதவுகளும் ஒரே நொடியில் விரிந்தன. அப்பா என் தலையைத் தொட்டார். ஆபீஸில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அஸ்திவாரம் போட்ட பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் கார்பெட் ஏரியா, அதாவது சுவருக்குள் கால்வைத்து நடக்கிற இடம், எழுபத்தைந்து சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்று கமிட்டி கேட்டிருந்தது. லிப்டும் குழாய் போகும் சந்துகளும் தூண்களும் இடத்தைத் தின்றதில் என் ஷெட்யூல் எழுபதைக் காட்டியது. முதலாளியிடம் சொன்னேன். அப்போது, மறுநாள் கமிட்டி கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைப் பிரின்ட் எடுக்கும் நேரம்.

அவர் என் பின்னால் வந்து நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்திருக்கும்.

"பேட்டா, இது அறையை எங்கிருந்து அளக்கிறது?" என்று இந்தியில் கேட்டார்.

"சுவரின் உள்முகத்திலிருந்து, சார். பூச்சு வரைக்கும்."

"வேறு எங்கிருந்தும் அளக்காதா?"

அளக்கும். சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளக்கச் சொல்லி ஒரு செட்டிங் உண்டு. மாடல் முழுவதற்கும் ஒன்றுதான். மாற்றினால் எல்லா அறைக்கும் மாறும். சில வேலைகளுக்கு அது நியாயமானது. கார்பெட் ஏரியாவுக்கு அது நியாயமில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கர் தோ, மாற்றிவிடு," என்றார்.

மாற்றினேன். பத்து புள்ளி எட்டாக இருந்த படுக்கையறை பன்னிரண்டை நெருங்கியது. வீட்டின் கூட்டுத்தொகை எழுபத்தாறைத் தாண்டியது. ஒரு செங்கல்கூட நகரவில்லை. பட்டியலில் அந்த நெடுவரிசையின் தலைப்பு மட்டும் 'கார்பெட் ஏரியா' என்றே இருந்தது. அதை நான் தொடவில்லை.

"இன்னொன்று. கான்ட்ராக்டரிடம் சட்டத்தோடு சேர்த்து எழுநூற்றைம்பது அகலக் கதவு தயாராக இருக்கிறது. டி-மூன்றை அதற்கு மாற்று."

"சார், கமிட்டி தொள்ளாயிரம் கேட்டிருக்கு. தீர்மானமே போட்டிருக்காங்க."

"அவர்களுக்குக் கொடுக்கிற தாளில் அகலம் எதற்கு? அந்த நெடுவரிசையை மறைத்துவிடு. எண்ணிக்கை இருந்தால் போதும், அச்சா?" கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த மாசம் டீம் லீடர் யாரென்று முடிவு செய்யப் போகிறேன்" என்றார்.

அதையும் செய்தேன். ஒரே மாடலிலிருந்து இரண்டு டோர் ஷெட்யூல்கள். கான்ட்ராக்டருக்கு அகலத்துடன், கமிட்டிக்கு அகலம் இல்லாமல். அப்படி மறைப்பதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது, டிக் அடித்தால் போதும். மிரட்டியதால் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அவர் கடைசியில் சொன்ன வார்த்தைதான் என் காதில் இருந்தது.

மறுநாள் கமிட்டிக் கூட்டத்துக்குத் தாள்களை நானே எடுத்துப்போனேன். ஆறு பெரியவர்கள், பிளாஸ்டிக் கப்பில் டீ. செயலாளர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் தள்ளினார். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கூட்டுத்தொகைகளின் மேல் விரலை ஓட்டினார்.

"நீ பாத்தியாட்டி?"

"பாத்துட்டேன்ப்பா."

"அப்பம் சரி." ஒவ்வொரு தாளிலும் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் அவருக்குக் கீழே போட்டார்கள்.

நான் டீம் லீடரானேன். சம்பளத்தில் முதலில் அம்மாவுக்கு நல்ல சக்கர நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அப்பா ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

இரண்டரை வருடம் கழித்துச் சாவி கொடுத்தார்கள். பால் காய்ச்சிய அன்று அம்மாதான் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். ஹால், படுக்கையறை, சமையலறை. பாத்ரூம் வாசலில் நாற்காலி நின்றது. அப்பா கொஞ்சம் பின்னால் இழுத்து நேராக்கி மறுபடி தள்ளினார். சக்கரத்தின் கைப்பிடி வளையம் மரச்சட்டத்தில் முட்டியது. எழுநூற்றைம்பதில் இருபக்கச் சட்டம் போக மிஞ்சுவது அறுநூற்று முப்பதுதான். நாற்காலி அறுநூற்று நாற்பது.

"மெதுவா தள்ளுங்க," என்றாள் அம்மா. அவர் மெதுவாகத்தான் தள்ளினார்.

ஒருபக்கம் சுவரை இடித்து அகலப்படுத்தலாமா என்று மேஸ்திரியைக் கேட்டார். கதவுக்கு ஒருபக்கம் கான்கிரீட் தூண், மறுபக்கம், கதவு குறுகியதில் மிஞ்சிய இடத்தையும் சேர்த்துக் கட்டிய குழாய்ச் சந்து. இரண்டையும் தொட முடியாது என்றார் மேஸ்திரி. அதற்குள் மற்ற வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மூட்டுவலிக்கு வாக்கர் பிடிக்கிற ஒருவர் அப்பாவைப் பார்த்து, "உங்க பொண்ணு ஆபீஸ்தானே, அவங்க போட்ட கணக்குத்தானே?" என்று கேட்டார். சாயங்காலம் அப்பா இஞ்ச் டேப் எடுத்துக்கொண்டு அறை அறையாக அளந்தார். மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட பழைய தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தன் எண்ணை எழுதினார்.

"கூட்டல் தப்பா?"

"இல்லப்பா. கூட்டல் சரிதான். சுவரோட நடுவுலருந்து அளந்திருக்கு."

"யாரு அப்படி அளக்கச் சொன்னது?"

"சார்."

"செஞ்சது?"

கையிலிருந்த முனையை விட்டேன். அவர் டேப்பைச் சுருட்டினார்.

அப்பா கமிட்டியிலிருந்து விலகினார். பிறகு சொசைட்டிப் பதிவாளருக்கு ஒரு புகார் எழுதினார். ஏமாற்றப்பட்டதை, தான் படிக்காமல் கையெழுத்திட்டதை, தாள்களைத் தயாரித்தது தன் மகள் என்பதை எல்லாம் அவருடைய பழைய ஆபீஸ் ஆங்கிலத்தில், பத்தி பத்தியாக எண்ணிட்டு எழுதியிருந்தார். என்னிடம் நீட்டினார்.

"தப்பு இருந்தா சொல்லு."

கதவின் அகலத்தை எழுநூற்று அறுபது என்று எழுதியிருந்தார். அதைத் திருத்திக் கொடுத்தேன். வேறு தப்பு இல்லை.

புகாரின் நகல் மூன்று வாரத்தில் எங்கள் ஆபீசுக்கு விளக்கம் கேட்டு வந்தது. முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "உனக்குத்தான் விவரம் தெரியும், நீயே பதில் எழுதிவிடு" என்றார். பரப்பளவு மென்பொருளின் அங்கீகரிக்கப்பட்ட முறைகளில் ஒன்றின்படி கணக்கிடப்பட்டது, கதவுப் பட்டியலில் கமிட்டி உறுப்பினர்கள் அனைவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். இரண்டு வாக்கியமும் உண்மை. பதிவாளர் அலுவலகம் அத்துடன் கோப்பை மூடியது.

அந்தப் பதில் தபாலில் துவாரகாவுக்கும் வந்தது. ஆபீஸ் பக்கத்தில் தனி அறைக்கு மாறியிருந்த நான் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அப்பா அதை மேஜையில் வைத்திருந்தார்.

"இது நீ எழுதினதுதான?"

"ஆமாப்பா."

"நல்லா எழுதியிருக்க," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த மனிதர். நல்ல கடிதத்தை நல்ல கடிதம் என்றுதான் சொல்வார்.

பிறகு எழுந்து போய் வாளியில் வெந்நீர் எடுத்தார். சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் பால்கனியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கம்பியில் ஒரு பழைய பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டியிருந்தார். அம்மாவுக்கு அங்கேதான் குளியல். நான் உதவ எழுந்தேன். "நீ இரி," என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டார். எதிர் பிளாக்கின் பால்கனியில் யாரோ துணி எடுக்க வந்து, எங்கள் பக்கம் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்த ஆபீஸில் அதன்பிறகு நான்கு வருடம் வேலை பார்த்தேன்.