சேர்க்காத தபால்

தஸ்தகீரும் அவன் அத்தா கரீமும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, சர்க்கரை ஆலைக்குக் கரீம் போடவிருந்த வேலை விண்ணப்பத்தைத் திருத்தி எழுதியது. கரீம் வேலை பார்த்த வெல்டிங் பட்டறையை மூடப்போகிறார்கள். ஆலையும் கைவிட்டால் அடுப்பு எரியாது என்ற பயம் அவருக்கு.

“கடைசியில ‘வெல்டிங் தெரியும்’னு போட்டிருக்கேனேடா?”

“போன தடவை போட்ட விண்ணப்பத்துல ஆலைக்காரங்க அதுக்கு மார்க்கே போடலைங்க அத்தா. ஒருத்தன் பிரியாணி ஆக்கத் தெரியும்னா சும்மா நம்புவீங்களா? எந்தக் கல்யாணத்துல ஆக்கினேன்னுதானே கேப்பீங்க? பட்டறை வேலைன்னு போட்டதுக்குக் கீழயே, அங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க.”

“பாய்லர் குழாய் விரிசலை ஒட்டினேனே, அதையா?”

“அதேதான். அப்புறம் ஒழுகலைன்னும் எழுதுங்க.”

எழுதினார். “இப்பவாச்சும் கூப்புடுவாங்களாடா?”

மறுநாள் தபாலில் சேர்க்கப் போனவர், தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து இறந்தார். விண்ணப்பம் சட்டைப் பையிலேயே இருந்தது.