பரந்தாமன் இரவல் வாங்கிய நேர்மை
கள்ளக்குறிச்சியில் ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டிங் போடும் கடை என்னுடையது. மலையிலிருந்து வந்த பவானி தன் ஆய்வேட்டின் நன்றியுரையில், "இரண்டாம் இயலின் முதல் வரைவை மட்டும் ஏஐ எழுதியது, திருத்தியது நான். சாமை விதைக்கும் பெண்களின் நேர்காணல்களும் முடிவுகளும் முழுக்க என் உழைப்பு" என்று எழுதியிருந்தாள்.

அவள் பக்கம் திரையில் இருக்கும்போதே அடுத்து வந்தவன் பரந்தாமன். கூட்டுறவு வங்கி பற்றிய அவன் ஆய்வேடு முழுக்க ஏஐ கக்கியது.

"ஏஐய எங்க யூஸ் பண்ணோம்னு நன்றியுரையில எழுதணுமாம். அந்தப் பொண்ணு எழுதனதயே போட்டுடுங்கண்ணா."

"இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சியா?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே. போடுங்கண்ணா."

ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டேன். வங்கி ஆய்வேட்டில் சாமை விதைக்கும் பெண்கள் அப்படியே இருக்கிறார்கள். அவன் நெறியாளரும் கையெழுத்துப் போட்டார். இப்போது அவன் டாக்டர் பரந்தாமன்.