பெரியப்பா குதிக்க வேண்டிய வரி

எங்கள் குடும்பத்தில் சண்டை தபாலில்தான் நடக்கும். ஆரணியிலிருந்து பெரியப்பா ஒரு தாள் எழுதி வாலாஜாவில் இருந்த அத்தைக்கு அனுப்புவார். அத்தை தன் தாளையும் சேர்த்துப் பிள்ளையார்பாளையத்துக்கு, எங்களுக்கு அனுப்புவாள். நாங்கள் எங்கள் தாளைச் சேர்த்துப் பெரியப்பாவுக்கு அனுப்புவோம். யார் யாரைத் திட்டினாலும் மூன்று வீட்டிலும் உரக்கப் படிப்பார்கள். பெரியம்மா மட்டும் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை.

அக்காவுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. பத்து நாளில் சேர வேண்டும். அப்போது பார்த்துக் கடிதம் வந்தது. ‘பெண் படித்தது போதும். ஹாஸ்டலில் விட்டால் ஊர் சிரிக்கும். நிறுத்து’ என்று பெரியப்பா எழுதியிருந்தார். ‘அண்ணன் சொல்வதே சரி’ என்று அத்தை தாளம் போட்டிருந்தாள். பெரியப்பா பேச்சை மீறி அப்பா அதுவரை ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. அக்கா அன்று சாப்பிடவில்லை.

அப்பாவின் கால்கள் தறிக்குழிக்குள் இருந்தன. எழுந்து வர நேரமில்லை. பத்து வயதில் என் கையெழுத்து அழகாக இருந்ததால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

“எழுதுமா. நீ எப்பவுமே இப்படித்தான். என் கல்யாணத்துல பாயசத்துல முந்திரி இல்லன்னு மூஞ்ச தூக்கிக்கினு போனவன் நீ. இவரு பெரிய நாட்டாமை! என் பொண்ணு படிப்பா, உன்னால ஆனத பாரு.”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தறியில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, “கோவத்த சேலையில காட்டாதீங்க. அங்க மட்டும் இழை நெருக்கமா வுழுது பாருங்க” என்றாள். பிறகு என்னிடம், “எழுதினத உங்க பெரியப்பா மாதிரி படி” என்றாள்.

அது எனக்கு அல்வா சாப்பிடுவதுபோல. பெரியப்பா ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். நானும் செருமி, “நீ எப்பவுமே இப்படித்தான்” என்று படித்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, “எப்பவுமேவா? போன தையில உன் தறி ரிப்பேர் ஆனப்ப யார்ரா ஓடி வந்தது?” என்று குதித்தேன். அப்பாவின் கை நின்றது. “ஆமா, அண்ணன்தான் வந்தாரு. அத எடுத்துடு” என்றார். முந்திரிக்கு இன்னும் பலமாகக் குதித்தேன். முந்திரி போயிற்று. நாட்டாமையும் போனார். ‘நீ’ எல்லாம் ‘நீங்கள்’ ஆயிற்று.

திட்டு ஒன்றும் மிச்சமில்லாததால் அம்மா மெதுவாகக் கேட்டாள். “அவரு சொன்னதுல நிஜம் எதுனா இருக்குதா?”

அப்பா யோசித்தார். ஹாஸ்டலை நினைத்து அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. சைக்கிளை மிதித்துப்போய் அதைப் பார்த்துவிட்டே வந்திருக்கிறார். அதை அப்படியே எழுதினேன். ‘உங்கள் கவலை எனக்கும் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள்.’

அடுத்த வரியை அப்பா சொன்னார். ‘அவளைச் சேர்க்கப் போகிறேன்.’

நான் செருமிப் பார்த்தேன். இதற்குப் பெரியப்பா கூரையைப் பிய்த்துக்கொண்டு குதிப்பார். ஆகவே யாரையும் கேட்காமல் அதை அடித்துவிட்டு, ‘உங்கள் சித்தப்படி செய்கிறேன்’ என்று எழுதிப் பெருமையோடு படித்துக் காட்டினேன். செருமக்கூட அவசியமில்லாமல் இருந்தது.

மூலையில் இருந்த அக்கா எழுந்து வந்து தாளைப் பிடுங்கினாள். “அடியே, அந்த ஒரு வரியிலதான் அவரு குதிக்கணும். மத்ததுல குதிக்க எடமில்லாம பண்ணத்தான் இவ்ளோ நேரம் ஒண்ணொண்ணா எடுத்தோம்.”

நான் விடவில்லை. “அப்ப, ‘நீங்க சம்மதிச்சா’ன்னு சேத்துக்கலாமா?”

“கேட்டா வேணாம்பாரு. கேக்காத, சொல்லு” என்றாள் அக்கா.

அந்த வரி அப்படியே திரும்பி வந்து நின்றது. அதன் கீழே அம்மா, ‘புறப்படும் அன்று நீங்கள் வந்து விபூதி பூசி அனுப்பினால் பிள்ளைக்குத் தைரியமாக இருக்கும்’ என்று சேர்க்கச் சொன்னாள். ஒரு ராத்திரி தாளை மாடத்தில் வைத்திருந்து, காலையில் இன்னொரு முறை செருமிப் படித்தபிறகே தபாலில் போட்டோம்.

இந்த முறை பெரியப்பா சுற்றுக்குக் காத்திருக்கவில்லை. நேராக எங்களுக்கே பதில் வந்தது. ஆரணியில் மழை, பசு கன்று போட்டது. நடுவில் நான்கு வரி மையால் அடிக்கப்பட்டிருந்தது. கடைசியில், ‘என்றைக்குப் புறப்படுகிறாள்?’

அடித்த இடத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். எழுத்து தெரிந்தது. தொண்டையைச் செருமி, “உனக்குத் திமிர் ஏறிவிட்டதடா” என்று தெருவுக்கே கேட்கப் படித்தேன். அம்மா என் தலையில் குட்டிவிட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், டிரங்குப் பெட்டியைத் துடைக்க உட்கார்ந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சரி என்று ஒரு வார்த்தை இல்லை, திமிர் என்று வேறு இருக்கிறது, இவர்களுக்கு என்ன கொண்டாட்டம்?

எழுதியிருந்தது கறுப்பு மை, அடித்திருந்தது நீல மை. அதைப் பார்த்தேன். ஆரணியிலும் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வேறு பேனாவை எடுத்து, அந்த நான்கு வரிகளை அடித்திருக்கிறாள் என்று மட்டும் அன்று எனக்குத் தோன்றவில்லை.